பிப்ரவரி முப்பது

அலுவலகத்தில் அவளுக்குத் 'துல்லியம்' என்று பட்டப்பெயர். கிண்டலாக வைத்தது, அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். பதினான்கு வருஷமாகக் கணினி நிரல் எழுதுகிறவள். யாராவது "ஒரு பத்து நிமிஷம்" என்றால் கடிகாரத்தைப் பார்ப்பாள். கல்யாண அழைப்பிதழில் தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெயரைப் படிப்பாள். இப்படிப்பட்டவளின் கையால் அந்தப் பலகை வந்தது என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

அம்மா போன பிறகு அப்பா தானாகவே முதியோர் இல்லத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார். கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். குற்ற உணர்ச்சி தாங்காமல் மகள் அந்த இல்லத்துக்கு ஏதாவது செய்ய நினைத்தாள். சாப்பாட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியில் தினமும் காலையில் எல்லார் பெயரும் வரும்படி ஒரு நிரல் எழுதிக் கொடுத்தாள். பெயர், வயது, அடுத்த பிறந்தநாளுக்கு இன்னும் எத்தனை நாள். எல்லாரும் பலகை என்று சொன்ன அதில் 'இன்னும் இத்தனை நாள்' என்று மட்டும் இருக்கும், எதற்கு என்று இராது. அவர்களுக்கு எதிர்பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்பது அவள் எண்ணம். எதிர்பார்க்கத்தான் செய்தார்கள்.

பலகை வந்த மூன்றாம் வாரம், ஓய்வுபெற்ற தட்டச்சர் ஒருவர் காலையில் எழுந்திருக்கவில்லை. அன்று அவர் பெயருக்கு நேரே பூஜ்யம். பிறந்தநாள் என்று கேக்குக்குச் சொல்லிவைக்கலாமா என்று சமையற்கட்டில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் சேதி வந்தது. அடுத்த மாதம் ஒரு முன்னாள் நர்ஸ். அவருக்கும் பூஜ்யம். அதற்குப் பிறகு கூடத்தில் யாரும் கேக் பேச்சை எடுக்கவில்லை. காலையில் தட்டோடு வந்து உட்காருவார்கள், பலகையை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள், தன் எண்ணைப் பார்த்த கையோடு பக்கத்தில் இருப்பவரின் எண்ணையும் பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வார்கள். பூஜ்யத்தைத் தாண்டிப் பிழைத்தவர்களும் உண்டு. மறுநாள் அவர்கள் எண் முப்பதுக்கு ஏறியிருக்கும். கெடு தள்ளிப்போயிருக்கிறது என்று மற்றவர்கள் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டார்கள்.

இதெல்லாம் மகளுக்குத் தெரியாது. மார்ச் பன்னிரண்டாம் தேதி மதியம் இல்லத்து எழுத்தர் போன் செய்து, அப்பா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றார். அரை நாள் விடுப்புப் போட்டு ஓடினாள். அப்பா கட்டிலில் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டி கட்டியாகிவிட்டது. செருப்பைப் பக்கத்து அறைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்.

"மூணு நாள்தாம்மா இருக்கு. இனி சாப்பிட்டு என்ன ஆகப்போகுது?" என்றார், பஸ் நேரம் சொல்வது போல.

எப்படித் தெரியும் என்று கேட்டதற்குப் பலகையைச் சொன்னார், பூஜ்யம் வந்த அன்றே போன இரண்டு பேரையும் சொன்னார். கூடத்துக்குப் போய்ப் பலகையைப் பார்த்தாள். அப்பாவின் பெயர், வயது எழுபத்தேழு, இன்னும் 3 நாள். அப்பாவின் பிறந்தநாள் ஜூன் பதினைந்து. அதற்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இரண்டு மாதமாக இந்தப் பொய் சுவரில் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அதை எழுதியவள் அவள்தான்.

எழுத்தரின் அறையில் மடிக்கணினியைத் திறந்தாள். தவறு ஒரே வரியில் இருந்தது. இரண்டு தேதிகளுக்கு நடுவே உள்ள காலத்தைப் 'பீரியட்' என்ற கருவி வருஷம், மாதம், நாள் என்று மூன்று துண்டாகத் தரும். வயதுக்கு வருஷத் துண்டு போதும். அது சரியாகவே வந்தது. அது சரியாக இருந்ததால்தான் மற்றதை யாரும் சந்தேகிக்கவில்லை. பிறந்தநாளுக்கு மீதி மூன்று மாதம் மூன்று நாள் என்று கருவி சொல்லியிருந்தது. அவள் மாதத்தை விட்டுவிட்டு நாள் துண்டை மட்டும் எடுத்துப் பலகையில் போட்டிருந்தாள். அதனால்தான் ஒவ்வொருவருக்கும் மாதம் ஒரு முறை பூஜ்யம் வந்தது. இருபத்திரண்டாம் தேதி பிறந்தவருக்கு எல்லா மாதமும் இருபத்திரண்டாம் தேதி பூஜ்யம். முப்பது பேர் இருக்கும் இடத்தில், அந்த வயதில், இரண்டு சாவு அப்படி அமைந்துவிட்டது. வேறொன்றும் இல்லை. வேறொன்றும் இல்லை என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள்.

துண்டு போடாமல் மொத்த நாளையும் எண்ணும் வேறு வழிக்கு அந்த வரியை மாற்றினாள். நிரலை மறுபடி ஓட்டினாள். எண்கள் எல்லாம் பெரிதாயின. அப்பாவுக்குத் தொண்ணூற்றைந்து. ஒரே ஒரு பெயருக்கு நேரே வயதும் இல்லை, நாளும் இல்லை. அங்கே தங்கியிருக்கும் தையல்காரம்மாவுடையது. நிரல் தன் தடங்கல்களைக் குறித்துவைக்கும் பிழைப் பதிவில், தினமும் காலையில் வந்தும் அவள் திறந்தே பார்க்காத ஒரு வரி கிடந்தது: '30/02/1944' என்பதைத் தேதியாகப் படிக்க முடியவில்லை, பிப்ரவரி 30 செல்லாத தேதி.

எழுத்தரைக் கேட்டாள். அவர் வெட்கப்படவே இல்லை. பிறந்த தேதி தெரியாதவர்கள் வந்தால் இருபது வருஷமாக அவர் அப்படித்தான் எழுதுகிறாராம். ஜனவரி ஒன்று என்று போட்டால் பின்னால் வருகிறவன் நிஜம் என்று நம்பிவிடுவான், இதை எவன் நம்புவான் என்றார். நியாயமாகத்தான் பட்டது. கொஞ்சம் தளர்வாக எழுதியிருந்தால் நிரல் அதைச் சத்தமில்லாமல் பிப்ரவரி இருபத்தொன்பதுக்கு இழுத்துவிட்டிருக்கும். துல்லியம் ஆயிற்றே, கறாராக எழுதியிருந்தாள். அதனால் அந்த அம்மாளுக்கு எண்ணே வரவில்லை. கூடத்தில் வயிறாரச் சாப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான் என்றும் எழுத்தர் சொன்னார்.

அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பலகை முன் நிறுத்தினாள். தப்பு தன்னுடையது, கணக்கு தப்பு, மூன்று இல்லை, தொண்ணூற்றைந்து என்று விளக்கினாள். மற்றவர்களும் வந்து நின்று கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவரவர் புது எண்ணைப் பார்த்து உதடு அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா விரல்விட்டு எண்ணினார். "அப்ப ஜூன் பதினஞ்சு."

"அது உங்க பொறந்தநாள்ப்பா. அவ்வளவுதான்."

"முன்னாடி தப்பா காட்டுச்சு. இப்ப சரியா காட்டுதுங்கற. அதானே?"

தவறான எண்ணையாவது தவறு என்று சொல்லிவிடலாம். சரியான எண்ணை எதைச் சொல்லி மறுப்பது? பலகையையே நிறுத்திவிடலாமா என்று கேட்டாள். நிறுத்தினால் எண் போய்விடுமா, பார்க்கத்தான் முடியாமல் போகும், அது இன்னும் மோசம் என்றார் கூட்டத்தில் ஒருவர். பலர் தலையாட்டினார்கள்.

அப்பா வெகுநேரம் தையல்காரம்மாவின் வெற்று வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளின் கையைப் பிடித்தார்.

"அந்தம்மாவுக்குப் பண்ணின மாதிரி எனக்கும் பண்ணிடும்மா. நான் சாப்பிடறேன்."

வாழ்நாளில் தெரிந்தே ஒரு தவறான தகவலை உள்ளிட்டதில்லை அவள். எழுத்தரின் அறைக்குத் திரும்பி, அப்பாவின் வரியைத் திறந்து, ஜூன் பதினைந்தை அழித்து, பிப்ரவரி முப்பது என்று தட்டினாள். நிரல் சொன்னபடி கேட்டது. பிழைப் பதிவில் இரண்டாவது வரி விழுந்தது. பலகையில் அப்பாவின் வயது போயிற்று, நாள் போயிற்று, பெயர் மட்டும் நின்றது. எந்த நாளிலும் பிறக்காத ஒரு மனிதரின் பெயர். அதைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

அப்பா அங்கேயே உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டார். செருப்பைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் நிம்மதியாக வீடு திரும்பினாள். நிம்மதி என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் காலை பல் துலக்கும்போது, யாரும் கேட்காமலே மனதுக்குள் எண் வந்து நின்றது. தொண்ணூற்று நான்கு.