வாசலைத் திரும்பிப் பார்த்த பெண்

கிளிநொச்சியில் பிரதான வீதிக்குப் பின்னால், போட்டோக்கொப்பிக் கடையை ஒட்டிய அறைதான் என் அலுவலகம். ஒரு மேசை, மூன்று கதிரை, ஒரு காற்றாடி, நீதிமன்றத்தில் சத்தியம் செய்து வாங்கிய முத்திரை ஒன்று. முன்பு ஆங்கிலம் படிப்பித்தவள் என்பதால் ஊர் இன்னும் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கலியாணப் பதிவு என்று எதையும் மொழிபெயர்ப்பேன். என் தமிழில் எனக்குப் பெரிய திமிர் இருந்தது. இருந்தது என்று எழுதுகிறேன், பாருங்கள்.

அந்தப் பெண் உருத்திரபுரத்திலிருந்து வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், சொந்தமாக வயல் செய்கிறவர். மகன் வெளிநாடொன்றில் அகதி விண்ணப்பம் போட்டிருந்தான். எந்த நாடு என்று எழுதப்போவதில்லை. அங்கிருந்த லோயர் ஒரு பக்கக் கடிதத்தை எனக்கு மெயிலில் அனுப்பியிருந்தார். தாய் மகனிடம் போனில் சொன்னதை வைத்து ஆங்கிலத்தில் எழுதிய வாக்குமூலம் அது. நான் அதைத் தமிழாக்கி, தாய்க்கு வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, கீழே முத்திரை குத்த வேண்டும். அந்தத் தமிழ்ப் பிரதிதான் அங்கே சாட்சியம். அங்கே குடிவரவு அலுவலகத்தின் ஆள் ஒருவர், லோயரின் ஆங்கிலத்தைப் பார்க்காமலே, அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். நடைமுறை அப்படி. நல்ல நடைமுறை என்றுதான் அப்போது நினைத்தேன்.

கடிதத்தின் உயிர் ஒரே ஒரு வரியில் இருந்தது. மகன் வெளிக்கிட்ட நாள் முதல் ஆட்கள் வீட்டுக்கு வந்து அவனைக் கேட்டிருக்கிறார்கள் என்ற வரி. ஆங்கிலத்தில் அதற்கு 'ஹாவ் கம்' என்று ஒரு வினை. பிள்ளைகளுக்கு அதைப் படிப்பிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நடந்தது முன்பு, ஆனால் அதன் கணக்கு இன்னும் மூடப்படவில்லை என்று சொல்லும் வினை அது. முன்பும் வந்தார்கள், அந்தக் காலம் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது, நாளைக்கும் வரக்கூடும். இவ்வளவையும் அந்த இரண்டு சொல் சுமக்கும். தமிழில் அப்படி ஒரு வினை இல்லை. பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன் என்று நிகழ்காலத்தில் சொல்லுவோம். சாப்பிட்டாச்சோ என்று முடிந்துபோனதாகக் கேட்போம். 'வந்திருக்கிறார்கள்' என்பது கிட்டப் போகும். ஆனால் கிட்டத்தான் போகும்.

நான் முதலில் அப்படித்தான் எழுதினேன். எழுதியதை அவருக்கு விளங்கும்படி எங்கள் பேச்சில் வாசித்தேன்.

"அக்கா, கவனமாக் கேளுங்கோ. உங்கட வீட்டுக்கு ஆக்கள் வந்திருக்கினம்…"

அந்த மனுசி கதிரையை விட்டு எழும்பிவிட்டார். முகத்தில் இரத்தம் இல்லை. என்னைப் பார்க்கவில்லை, வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆர் ரீச்சர்? ஆர் வந்திருக்கினம்? இஞ்சையோ?"

ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டேன். எங்களுடைய காதுக்கு வந்திருக்கினம் என்றால் வந்தவர்கள் இன்னும் போகவில்லை, வீட்டுக்குள் நிற்கிறார்கள். அவரைப் பிடித்து இருத்தி, பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன்ரீ எடுப்பித்துக் கொடுத்தேன்.

"ஒருத்தரும் வரேல்லை அக்கா. பேப்பரில இருக்கிறதைத்தான் வாசிச்சனான். முந்தி வந்தவை எண்டு சொன்னனீங்கள்தானே?"

"ஓம், வந்தவை. மோட்டார்சைக்கிளில, சிவில் உடுப்போட."

"எத்தினை தரம்?"

"கன தரம்."

அடுத்த கேள்வி என் வாயில் நின்றது. இப்பவும் வாறவையோ? கடைசியாக எப்ப வந்தவை? கேட்டிருக்க வேண்டும். ஆனால் இந்த ஊரில் அதை ஒருவரும் கேட்பதில்லை. வந்து விசாரிக்கிறவர்களைப் பற்றி நாங்கள் பேசுவதே குறைவு. பேசினாலும் முடிந்த கதையாகத்தான் பேசுவோம். நேற்றுப் பின்னேரம் வந்தாலும் 'வந்தவை, போயிட்டினம்' என்போம். 'வாறவை', அதாவது இப்போதும் வருகிறார்கள், என்று சொன்னால் வாசலைத் திறந்து வைத்த மாதிரி ஒரு பயம். படித்தவள் நானும் அப்படித்தான். என் தம்பியைக் கேட்டு வந்தவர்களைப் பற்றி அம்மா இறக்கும்வரை நான் அப்படித்தான் பேசினேன்.

என் மனதில் ஓடியது அவருக்கு எப்படித் தெரிந்ததோ, தானாகவே சொன்னார்.

"ரீச்சர், வாறவை எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. எழுத்தில வந்தா அது நிண்டிடும். வந்தவை எண்டே இருக்கட்டும்."

நான் பேனையை எடுத்து 'வந்திருக்கிறார்கள்' என்பதை வெட்டிவிட்டு 'வந்தார்கள்' என்று எழுதினேன். 'என் மகன் வெளிநாடு சென்ற பின்னர் சிலர் என் வீட்டுக்குப் பல தடவை வந்து அவனைப் பற்றி விசாரித்தார்கள்.' வாசிக்க எவ்வளவு சுத்தமாக இருந்தது! 'இன்று வரை' என்று இரண்டு சொல்லைச் செருகியிருந்தால் போதும். செருகத் தெரியாதவள் இல்லை நான். அந்த மனுசி பயந்து வேண்டாம் என்றார், வரியும் அழகாக இருந்தது, விட்டுவிட்டேன். பயத்துக்கு மரியாதை செய்கிறேன் என்று நினைத்தேன். என்ன கோதாரி மரியாதையோ!

திரும்ப ஒருமுறை முழுவதையும் வாசித்தேன். "ஓம், சரி" என்றார். கையெழுத்து வைத்தார். கீழே நான் வழக்கமாக எழுதுவதை எழுதினேன்: 'இது அவருடைய மொழியில் வாசித்துக் காட்டப்பட்டது. விளங்கிக்கொண்டு உண்மையென ஏற்றுக் கையெழுத்திட்டார்.' முத்திரையை அழுத்திக் குத்தினேன்.

ஏழு மாதம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. மகன் போனில் அனுப்பியதை அச்சடித்துக்கொண்டு தாய் என்னிடம்தான் வந்தார். வேறு யாரிடம் போவார்? நான் அதை மனதுக்குள் வாசித்தேன். தாயின் வாக்குமூலத்தின்படி ஆட்கள் வந்தது கடந்த காலத்தில். அது தொடர்வதாக அவர் எங்கும் சொல்லவில்லை. ஆகவே இப்போது ஆபத்து இருப்பதாக நம்ப இடமில்லை. என்னுடைய 'வந்தார்கள்' அங்கே ஆங்கிலத்தில் 'ஹாவ்' இல்லாத, முடிந்துபோன வெறும் 'கேம்' ஆகப் போயிருந்தது. அந்த மொழிபெயர்ப்பாளரில் ஒரு பிழையும் இல்லை. என் தமிழை அவர் சரியாகத்தான் ஆங்கிலமாக்கியிருந்தார்.

"அக்கா, கடைசியா அவை எப்ப வந்தவை?"

"இப்ப… போன மாசமும் வந்தவை."

"கையெழுத்து வைக்க என்னட்ட வந்தீங்களே, அந்த நேரம்?"

"அதுக்கு முதல் கிழமையும் வந்தவை, ரீச்சர். அலுமாரியைத் திறந்து பாத்தவை."

"அதை ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?" என் குரல் உயர்ந்துவிட்டது. போட்டோக்கொப்பிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவர் கோபப்படவில்லை. "நீங்கள் கேக்கேல்லையே" என்றார்.

அன்றைக்கு நான் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை. லோயருக்கு நீளமாக எழுதினேன். மூலத்தில் இருந்த காலம் தமிழில் இல்லை, நான் போட்ட வினை அதை மூடிவிட்டது, பிழை என்னுடையது, தாயினுடையது அல்ல என்று. பிறகு புது வாக்குமூலம் ஒன்று எழுதினோம். இந்த முறை தமிழ் அழகைத் தூக்கி மூலையில் போட்டேன். 'அன்று தொடங்கி இன்று வரை வந்துகொண்டிருக்கிறார்கள், கடைசியாகச் சென்ற மாதமும் வந்தார்கள்' என்று ஒவ்வொன்றாக ஆணி அடித்த மாதிரி எழுதினேன். வாசித்தபோது தாய் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்ற இடத்தில் மட்டும் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினார். ஆனால் கையெழுத்து வைத்தார். மகனுக்காக அந்தச் சொல்லை வீட்டுக்குள் விட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மேன்முறையீட்டின் தீர்ப்பை லோயரே சுருக்கி அனுப்பினார். இரண்டாவது வாக்குமூலத்தை ஏற்கவில்லை. மறுப்பு வந்த பிறகுதான் தாய் 'இன்று வரை' என்கிறார், முதலில் அப்படிச் சொல்லவில்லை, மகனைக் காப்பாற்றக் கதையைக் கூட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பில் நேர்ந்த குறை என்று லோயர் வாதாடியிருக்கிறார். அதற்கும் பதில் இருந்தது. முதல் வாக்குமூலம் தாய்க்கு அவருடைய மொழியிலேயே வாசித்துக் காட்டப்பட்டது, அவர் விளங்கிக்கொண்டு உண்மையென ஏற்றார், சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளரின் முத்திரை இருக்கிறது. அவர்கள் பிடித்துத் தொங்கியது என் முத்திரையில். நான் எழுதிய கடிதமோ, ஊர்க்காரிக்கு ஊர்க்காரி செய்யும் உதவியாகப் போய்விட்டது.

தாய்க்கு இதைச் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "அப்ப அவனை அனுப்பிப்போடுவினமோ?" என்பதுதான். ஓம் என்றேன். அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. "உங்களில பிழை இல்லை ரீச்சர், நான்தானே எழுத வேண்டாம் எண்டனான்" என்று அவர் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் நித்திரை கொண்டிருப்பேன்.

மகன் திரும்பி வந்தான். ஒருநாள் தாயோடு என் அறைக்கும் வந்தான். மெலிந்த, அடக்கமான பெடியன். என்னை 'மிஸ்' என்றான். அடையாள அட்டைக்கு என்னென்ன கடிதம் வேண்டும் என்று கேட்டான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் கணினியைப் பார்த்துப் பதில் சொன்னேன். காசு வாங்கவில்லை. அவன் அதைக் கவனித்து, கொஞ்சம் வெட்கப்பட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை இருக்கும். காலை பத்து மணி. ஒருவருடைய கலியாணப் பதிவை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, தாயின் நம்பர். எடுத்தேன். பின்னால் கதிரை இழுபடும் சத்தமும், அதிகம் சத்தமில்லாமல் பேசும் ஓர் ஆண் குரலும் கேட்டன. தாய் மெல்லமாகச் சொன்னார்.

"ரீச்சர், வந்திருக்கினம்."

போன் நின்றுவிட்டது. எனக்கு அதில் ஒரு சொல்லையும் யாரிடமும் கேட்டு அறிய வேண்டியிருக்கவில்லை. எழும்பி நின்றேன். எங்கே போவது என்று தெரியாமல் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.