குழாய்களில் அடைப்பு இல்லை

எண்பதுகளின் பிற்பகுதியில், என் நெஞ்சு வலிக்குக் காரணம் தேடி நானும் கணவரும் கல்முனைக்குடியிலிருந்து கொழும்புக்குப் போனோம். வழி நெடுகச் சோதனைச் சாவடிகள். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதெல்லாம் யாரோ நெஞ்சில் முழங்காலை ஊன்றுவது போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் தொடை வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை ஏற்றி, சாயமருந்து செலுத்திப் படமெடுத்தார்கள். மறுநாள் வார்டுக்கு வந்த இளம் டொக்டர், "இரத்தக் குழாய்கள்ல ஒரு அடைப்பும் இல்ல. வீட்ட போகலாம்" என்றார்.

"அப்ப இந்த வலி?"

"மனசப் போட்டு அலட்டாதீங்க."

ஊருக்கு வந்ததும், அடைப்பு இல்லை என்ற சந்தோஷத்தில் கணவர் நபி புகழ் பாடும் மௌலூது ஓதுவித்து அயலெல்லாம் சோறு கொடுத்தார். அந்தச் சோற்றுச் சட்டியை இறக்கும்போதே வலி வந்துவிட்டது. குசினிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

கணவரின் உம்மாவான மாமி எட்டிப் பார்த்தார். "கொழும்பில ஒண்டும் இல்லயெண்டுதானே சொன்னாங்க. இன்னும் என்ன புள்ள?"

அடைப்பு இருந்திருந்தால் நம்பியிருப்பார்களே என்று ஒரு கணம் தோன்றியது. உடனே அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்துகொண்டேன். பிறகு ஓதிய தண்ணீர் தந்தார்கள், நூல் கட்டினார்கள். வலி அதன் பாட்டில் வந்து போனது.

அடுத்த முறை கொழும்பில் பார்த்தவர் வயதான டொக்டர். ஓடும் பட்டியில் நடக்கவிட்டார். வேகம் கூடியதும் அதே வலி. கூடவே தாளில் ஓடிய ஈசீஜீ கோடும் தாழ்ந்தது. அந்தத் தாளைக் கணவரிடம் நீட்டினார்.

"இவங்க சொல்றது பொய்யில்ல. அண்டைக்கு எடுத்த படத்தில பெரிய குழாய்கள்தான் தெரியும். இதயத்திர தசைக்குள்ள முடி மாதிரிச் சின்னக் குழாய்கள் இருக்கு. அது அதில தெரியாது. வேல செய்யேக்க கூடுதலா இரத்தம் வேணும். அதுகள் தேவைக்கு ஏத்த மாதிரி விரியிறல்ல போல."

"அதப் பார்க்க வழி இல்லயா டொக்டர்?" என்றார் கணவர்.

"இஞ்ச வசதி இல்ல. எங்களுக்கும் இது இன்னும் முழுசா விளங்கல்ல. மாத்திர தாறன், குறையும். முழுசா நிக்கும் எண்டு சொல்லமாட்டன்."

வெளியே வந்து அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்தோம். அந்தத் தாளை மடித்துக்கொண்டே கணவர், "எனக்கு விளங்காமப் போச்சு புள்ள" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. தூங்க வேண்டும் போலிருந்தது.

மாத்திரையில் வலி பாதிதான் குறைந்தது. அந்த மாத்திரை இதயத் துடிப்பையும் அடக்கியதால் உடம்பு எப்போதும் சோர்ந்தே கிடந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், இன்னும் என்ன என்று மாமி கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்கள். கணவர் சின்னக் குழாய்களைப் பற்றி ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள், மாமி கடைசிவரை நம்பவில்லை. நான் விளக்குவதை விட்டுவிட்டேன். வலி வந்தால் கையிலிருப்பதை வைத்துவிட்டு உட்காருவேன். அது போனதும் எழும்புவேன்.