மூன்று ஆறாகிப்போன வகுப்பு

அன்று காலையிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சேலையைக் கட்டினாள், பிரித்தாள், மறுபடி கட்டினாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததைக்கூட நாத்தனார் ஓடிவந்து அணைத்த பிறகுதான் கவனித்தாள்.

"அண்ணி, பாலுக்கும் பரீட்சையா? நீங்க போய் உட்காருங்க, நான் பார்த்துக்கறேன்."

"உட்கார முடியலடி. உட்கார்ந்தா கால் தானா ஆடுது."

நாத்தனார் அவளுக்கு வைத்த பெயர் 'சாப்பாட்டு மேசை டீச்சர்'. கணிதத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியவள் அவள். கல்யாணம், அடுத்தடுத்து இரண்டு பிரசவம், படுத்த படுக்கையான மாமனார் என்று ஆண்டுகள் உருண்டோடின. இடையில் அவள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்ததெல்லாம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். குழம்புக் கறையைத் துடைத்துவிட்டு அதே இடத்தில் தொகையீடு போட்டுக் காட்டுவாள். கரும்பலகை முன்னால் நின்று எத்தனையோ காலமாயிற்று. இன்று பொறியியல் கல்லூரியில் கணித ஆசிரியர் வேலைக்கு மாதிரி வகுப்பு. வயது வரம்புக்கு இதுதான் கடைசி வருடம். இதை விட்டால் அந்த மேசையே கதி.

மோட்டார் ரிப்பேர் செய்யும் கணவன் வண்டியில் கொண்டுபோய் இறக்கினான்.

"என்ன கணக்கு கொடுப்பாங்க?"

"போன பிறகுதான் தெரியும். சீட்டு எடுக்கச் சொல்வாங்களாம்."

"நீ எடுத்தா நல்லதாத்தான் வரும். என்னையே அப்படித்தானே எடுத்த?"

"அதனாலதான் பயமா இருக்கு" என்றாள். அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சீட்டில் வந்தது வகைக்கெழுச் சமன்பாடு. பின்னத்தின் மேலும் கீழும் ஆளுக்கொரு நேர்கோடு. அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய பாடம். ஆனால் வகுப்பறைக்குள் நுழைந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அறுபது முகங்கள். கடைசி வரிசையில் கல்லூரி முதல்வரும், கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்ட துறைத்தலைவி அம்மாவும்.

பலகையில் எழுதினாள்.

dy/dx = (x + y − 3) / (x − y − 1)

"இந்த மூணும் ஒண்ணும் மட்டும் இல்லேன்னா நமக்குக் கவலையே இல்ல. y-யை x-ஆல வகுத்த விகிதத்துக்கு v-ன்னு பேர் வச்சா வேலை முடிஞ்சுது. இந்த மாறிலிங்கதான் குறுக்க நிக்குது. என்ன பண்ணலாம்? ரெண்டு கோடும் எங்க வெட்டிக்குதோ அந்தப் புள்ளிக்கு ஆரிஜினை, அதான் ஆதிப்புள்ளியை, தூக்கிட்டுப் போயிடலாம். அங்கேருந்து பார்த்தா மாறிலி ரெண்டும் காணாமப் போயிடும்."

x + y = 3, x − y = 1. கூட்டினால் 2x = 4. புள்ளி (2, 1). குரல் கொஞ்சம் தெளிந்தது. அந்தத் தெம்பில் வேகமாக எழுதினாள்: x = X − 2, y = Y − 1.

பிரதியிட்டாள். மேலே X + Y − 6. கீழே X − Y − 2.

சாக்பீஸ் நின்றது. காணாமல் போகவேண்டிய எண்கள் இரண்டு மடங்காகி நின்றன. கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துத் தொலைத்திருக்கிறாள்!

அவள் உடம்பு பலகையை மறைத்துக்கொண்டிருந்தது. முதல்வர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையால் ஒரே ஒரு தேய்ப்பு. ஆறையும் இரண்டையும் அழித்து, கழித்தல் குறிகளைக் கூட்டலாக்கினால் போதும், யாருக்கும் தெரியாது. விடை தெரிந்துகொண்டு வழியை வளைக்கும் பிள்ளைகளின் வேலை அது. அதற்காக எத்தனை பேரை அவள் திட்டியிருக்கிறாள்! கை பலகைவரை போய்விட்டது. 'ஐயோ, என் பிழைப்பே இதுல இருக்கே' என்று மனம் கதறியது.

கையை இறக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தாள்.

நடுவரிசையிலிருந்து ஒரு குரல்: "மேடம், காணாமப் போகும்னீங்க, குட்டி போட்டிருக்கு!"

வகுப்பே சிரித்தது. முதல்வர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார்.

அவள் காதெல்லாம் சுட்டது. "ஆமா, குட்டிதான் போட்டிருக்கு" என்றாள். "எங்க தப்பு நடந்துச்சு? யாரும் பலகையைப் பார்க்காதீங்க, புள்ளியை யோசிங்க. புது ஆரிஜின்ல நின்னா X, Y என்ன?"

"ரெண்டும் ஜீரோ."

"அப்போ பழைய x என்ன வரணும்?"

"ரெண்டு!"

"நான் எழுதினதுல என்ன வருது?"

"மைனஸ் ரெண்டு!" என்று முன்வரிசைப் பெண் கத்தினாள். "மேடம், நீங்க நேர் எதிர்ப் பக்கம் தூக்கிட்டுப் போயிட்டீங்க!"

"அதேதான். x = X + 2, y = Y + 1. இப்போ போடுங்க."

போட்டார்கள். மேலே X + Y. கீழே X − Y. அதன்பின் வகுப்பு தானாக ஓடியது. Y = vX. இடப்பக்கம் v + X dv/dX, வலப்பக்கம் (1 + v)/(1 − v). v-யை அந்தப் பக்கம் கொண்டுபோனதும் மேலே 1 + v² மிஞ்சியது. v எல்லாம் ஒரு பக்கம், X எல்லாம் மறுபக்கம் பிரித்துத் தொகையிட்டு, v இருந்த இடத்தில் Y/X போட்டாள்.

tan⁻¹(Y/X) = ½ log(X² + Y²) + C

மணி அடித்தது.

முதல்வர் அறையில் அவளுக்கு நாற்காலி காட்டினார்கள். அவள் விளிம்பில் உட்கார்ந்தாள். கால் மறுபடி ஆடத் தொடங்கியது.

"நல்ல உத்தி" என்றார் முதல்வர். "பசங்க முழிச்சுக்கணும்னு வேணும்னே தப்பா எழுதினீங்க, இல்லையா?"

தலையை ஆட்டினால் போதும். ஒரே ஒரு ஆட்டல். வேலை மடியில் வந்து விழும். கடவுளே, ஏன் இன்றைக்கே இத்தனை சோதனை?

"இல்ல சார்" என்றாள். "பதட்டத்துல குறி மாறிடுச்சு. நிஜமாவே தப்புதான்."

முதல்வர் முகம் சுண்டிப்போனது. "ஓ" என்று காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். "சரி, சொல்லி அனுப்பறோம்."

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும். எழுந்தாள். கண்ணை மறைத்த நீரில் கதவுப்பிடி எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

"நில்லும்மா" என்றார் துறைத்தலைவி. "சார், காலையிலிருந்து வந்தவங்க எல்லாரும் பிசிறில்லாம எழுதினாங்க. பசங்க கொட்டாவி விட்டாங்க. இவங்க கை பலகைக்குப் போனதை நான் பார்த்தேன். அழிச்சிருந்தா அப்பவே எழுந்து வெளிய வந்திருப்பேன்."

"ஆனா கணக்கை முடிக்கலையேம்மா இவங்க?"

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்." அம்மா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "கேள்வி கேட்டது x, y-ல. விடை X, Y-லயே நிக்குது. பழைய இடத்துக்குத் திரும்பலைன்னா பரீட்சையில மார்க் போகும். வெளியில அந்தப் பசங்க இன்னும் இதைப் பத்தித்தான் சண்டை போட்டுட்டிருக்காங்க. வேற யாரை அனுப்பி முடிக்கச் சொல்றது?"

முதல்வர் அவரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"திங்கட்கிழமை வேலையில சேர்ந்துடுங்க, அதே வகுப்புக்கு வந்து நீங்களே முடிச்சு வைங்க" என்றார். "குறியைப் பார்த்துப் போடுங்க."

வாசலில் வண்டியருகே காத்திருந்தவன் அவள் அழுதுகொண்டே வருவதைப் பார்த்துப் பதறிப்போனான்.

"விடு, போகட்டும். இந்தக் காலேஜ் இல்லேன்னா—"

"கிடைச்சிடுச்சுங்க" என்று அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அடுத்த நொடியே நிமிர்ந்தாள். "X-க்கு x மைனஸ் ரெண்டு. Y-க்கு y மைனஸ் ஒண்ணு. இந்தத் தடவை மைனஸ்தானே? ஆமா, மைனஸ்தான். ஐயோ, திங்கட்கிழமைக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு!"