தொலைந்த பெட்டியும் நான் விட்ட பக்கமும்

புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். தமிழில் எழுதி வருவதை ஆங்கிலத்தில் மாற்றியும் தருவேன். மனு, விண்ணப்பம், ஒப்பந்தம் எதுவானாலும் சரி, ஒரு வரியில் சொல்ல வேண்டியதை ஊர்க்கதையாக எழுதிக்கொண்டு வருவார்கள். அதுதான் என் தீராத எரிச்சல்.

அன்று வந்தவர் கட்டுமாவடிக்காரர். குவைத்தில் வேலை. விடுமுறைக்குக் கிளம்பி, நடுவில் விமானம் மாறி, திருச்சியில் வந்து இறங்கியபோது அவருடைய கறுப்புப் பெட்டி வரவில்லை. விமான நிலையத்திலேயே புகார் பதிந்து சீட்டு வாங்கியிருந்தார். ஒரு வாரமாகப் போனில் கேட்டால், தேடிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரே பல்லவி. கடைசியில், பெட்டியில் என்னென்ன இருந்தது என்று ஆங்கிலத்தில் மெயில் அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

அவர் எழுதி வந்தது மூன்று பக்கம். கலெக்டருக்கு மனு கொடுப்பதுபோல ஐயா, வணக்கம் என்று ஆரம்பித்து, முதல் பக்கம் முழுக்கப் பயணக்கதை. பெட்டியில் பாதி அவருடையதே இல்லை என்பது இரண்டாம் பக்கத்தில்தான் வருகிறது. ஊருக்குப் போகிறவரிடம் அறையில் கூட இருப்பவர்கள் தத்தம் வீட்டுக்குப் பொட்டலம் கொடுத்துவிடுவது வழக்கம். நான்கு பேர் கொடுத்த நான்கு பொட்டலங்கள். டேப் சுற்றி, மேலே எந்த வீடு என்று தமிழில் எழுதியவை. உள்ளே என்ன என்று இவர் பார்க்கவில்லை. பார்ப்பது மரியாதையில்லையாம்.

எனக்குத் தலை சுற்றியது. விமான நிலையத்தில் பெட்டியைப் போடும்போதே, எல்லாம் நீங்களே அடுக்கியதா என்று கேட்பார்கள். இவரும் ஆமாம் என்று தலையாட்டியிருப்பார். இப்போது போய், உள்ளே என்ன இருந்ததென்றே தெரியாது என்று எழுதினால் எவன் மதிப்பான்? போதாததற்குக் கடை வாசலில் வேறு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டேன். சட்டை, கைலி, பால் பவுடர், சோப்பு என்று அரைப் பக்கத்தில் முடித்து, பெட்டியில் கட்டிய டேக்கின் எண்ணும் புகார் எண்ணும் போட்டு அனுப்பினேன்.

"பொட்டலத்தப் பத்தியும் எழுதிட்டீங்களாக்கா?"

"எல்லாம் எழுதியாச்சு, போங்க."

பத்து நாள் கழித்துப் போனை நீட்டியபடி வந்தார். பதில் வந்திருந்தது. டேக் கிழிந்த கறுப்புப் பெட்டி ஒன்று கிடைத்திருக்கிறது. அதற்குள் ஏதோ எழுதிய பொட்டலங்கள் இருக்கின்றன. உங்கள் பட்டியலில் அப்படி எதுவும் இல்லாததால் அது உங்களுடையதாக இருக்காது.

"என்னக்கா போட்டிருக்கான்? நாலு வீட்டுக்காரங்களும் வந்துட்டுப் போறாங்க. வித்துத் தின்னுட்டானான்னு எங்க ஆத்தாகிட்டயே கேட்டுட்டாங்க. இன்னும் பன்னண்டு நாள்ல லீவு முடியுது. திரும்ப அந்த ரூம்லதானே போய்ப் படுக்கணும்?"

நான் விட்டதைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"படிச்சவங்க, விடமாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. வந்தவர்களையெல்லாம் மதியத்துக்கு மேல் வரச் சொல்லிவிட்டு, அந்த இரண்டாம் பக்கத்தை வரி வரியாக மாற்றினேன். ஜெகதாப்பட்டினம், ஐஸ் கம்பெனிக்குப் பின் வீடு என்று எந்தப் பொட்டலத்தில் என்ன எழுதியிருந்ததோ, அதைத் தமிழில் அப்படியே போட்டுப் பக்கத்தில் ஆங்கிலமும் எழுதினேன். தமிழ் தெரியாதவன்கூட எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான். முதல் பட்டியலில் விட்டது எழுதிக்கொடுத்த என் தவறு என்றும் சேர்த்து அனுப்பினேன்.

ஐந்தாம் நாள் திருச்சியிலிருந்து வண்டியில் பெட்டி அவர் வீட்டுக்கே வந்துவிட்டது. போனில் சொன்னார். அப்பாடா, விட்டது தொல்லை என்று இருந்தேன். மறுநாள் காலையிலேயே கடை வாசலில் நின்றார். கையில் ஓர் ஆங்கிலச் சீட்டு.

"நாலு பொட்டலத்துலயும் டேப்ப அறுத்துருக்காங்கக்கா. இப்படியே கொண்டுபோய்க் குடுத்தா, பாதிய எடுத்துக்கிட்டான்னுதானே சொல்லுவாங்க? உள்ள இந்தச் சீட்டு கெடந்துச்சு."

உரியவரைக் கண்டுபிடிப்பதற்காக எங்கள் ஊழியர்கள் பெட்டியையும் பொட்டலங்களையும் திறந்து பார்த்தார்கள், எதையும் எடுக்கவில்லை என்று அதில் இருந்தது. தமிழில் எழுதித் தரச் சொன்னார், வீட்டுக்கு ஒன்றாக நான்கு. ஒரு சொல் கூடாமல் குறையாமல் அடித்து, இரண்டு முறை படித்துப் பார்த்துக் கொடுத்தேன்.

வாங்கி மடித்தவர் உடனே போகவில்லை. செருப்பைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றார்.

"எங்க ஊரு ஸ்கூல் டீச்சர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு, அதுக்கப்புறம் வீடுகளுக்குக் கொண்டு போறேன்க்கா. கோவிச்சுக்காதீங்க."

"காட்டுங்க" என்றேன். மேஜையிலேயே அவர் மறந்து வைத்திருந்த ஆங்கிலச் சீட்டை எடுத்து நீட்டினேன். அது இல்லாமல் அந்த டீச்சர் எதை வைத்து என்னைச் சரிபார்ப்பார்?