இரண்டு மாரி கண்ட பலகை

"வீடு விற்பனைக்கு" என்ற அந்தப் பலகையை என் கணவர் முதன்முதலில் கண்டபோது அதன் சிவப்பு எழுத்து வெளுத்து, ரோஸ் நிறமாகியிருந்தது. அவருக்கு அந்த வீட்டில் முதலில் பிடித்ததே அதுதான்.

கல்முனையில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, கடற்கரைப் பக்கமாக இருந்த வீடு. எங்களுக்கு இரண்டு பெண்கள். எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் நிக்காஹ் பேச்சை எடுக்கவே முடியாது. நாங்கள் கட்டிய வீட்டை மூத்தவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் பின்னறையில் இளையவளோடு ஒண்டியிருந்தோம். இளையவளுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மருதமுனையிலிருந்து வந்த சம்பந்தம் எல்லாம் பொருந்தி, வீடு இல்லை என்பதில் வந்து நின்றது. வீடு வாங்கினால் அவளுக்குக் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை. எனக்கு நித்திரை போய்விட்டது. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

அவர் ஹாட்வெயார் கடைக்காரர். ஒரு ஆணிப் பெட்டியைக்கூடச் சொன்ன விலைக்கு வாங்கியறியாதவர்.

உடனே போய் விலை கேட்கவில்லை. முதலில் எதிர்க்கடையில் தேநீர் குடித்து, பலகை எப்போது கட்டியது என்று விசாரித்தார். இரண்டு மாரிக்காலம் போய்விட்டதாம். இணையத்திலும் விளம்பரம் இருந்தது. புதுப் படம் போட்டுப் புதிதாகப் போட்டதுபோல் காட்டியிருந்தார்கள். முந்தைய விளம்பரப் படத்தில் காய்த்துக் கிடந்த மாமரம் புதுப் படத்தில் இல்லை என்று மூத்த மருமகன் கண்டுபிடித்துச் சொன்னபோது, இவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"இவ்வளவு காலம் விக்காம கிடக்கிறதெண்டா அந்த வீட்டுல என்னமோ இரிக்கி," என்றேன்.

"இருந்தா ரெண்டுல ஒண்டு. உறுதியில பிழை, இல்லாட்டி விலையில பிழை," என்றார்.

நொத்தாரிசை வைத்துக் காணிப் பதிவுக் கந்தோரில் தேடச் சொன்னார். உறுதிப் பத்திரம் சுத்தம். ஆகவே பிழை விலையில்தான் என்று முடிவாயிற்று. ஒரு கோடி இருபது இலட்சம் கேட்டார்கள்.

பிறகு அக்கம்பக்கத்தில் விற்ற வீடுகளைத் தேடினார். உறுதியில் எழுதியிருக்கும் தொகையை நம்பவே மாட்டார். முத்திரை வரிக்குப் பயந்து குறைத்து எழுதுகிறவர்கள் அதிகம். கை மாறிய விலையை வாங்கியவரிடமும் தரகரிடமும் தனித்தனியாகக் கேட்டு, இரண்டும் ஒத்துவந்தால்தான் கணக்கில் எடுப்பார். ஒரு தம்பி தன் மூத்த ராத்தாவுக்கு விற்ற வீட்டைத் தள்ளினார், அது உறவு விலை. டொலர் ஏறுவதற்கு முன் விற்றதையும் தள்ளினார். மிஞ்சிய மூன்றில் ஒன்று பிரதான வீதி மூலை, அதற்குக் கொஞ்சம் கழித்தார். இன்னொன்றுக்கு வாசலுக்குப் போகும் ஒழுங்கை ஒடுக்கம், அதற்குக் கூட்டினார். நிலத்தைப் பேர்ச் கணக்கிலும் கட்டடத்தைத் தனியாகவும் பார்த்து, கடைசியில் தொண்ணூறு இலட்சம் பெறும் என்றார். மனுஷனின் கெட்டித்தனத்தை நான் மறுக்கமாட்டேன்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். கொழும்பில் மகனோடு போய் இருக்க நினைத்திருந்தார். நாங்கள் விலை பேசப் போனபோது அவருடைய மனைவி எங்களுக்குத் தொதல் இனிப்பு வெட்டி வைத்தார்.

"பக்கத்து வளவுல ஒண்டரைக் கோடி சொல்றாங்க, தெரியுமா?" என்றார் ஆசிரியர்.

"அது கேக்கிற விலை, மாஸ்டர். வித்த விலைய நான் சொல்றன், கேளுங்க." மூன்று வீட்டையும் இவர் வரிசையாகச் சொன்னார். வீட்டில் ஒரு குறையும் சொல்லவில்லை. "உங்கட வீட்ட நான் குறைக்கல்ல. ரெண்டு மாரியா ஒருத்தரும் தராத விலை விலையில்ல, ஆசை. எண்பது தாறன். கடன் எடுக்கிற வேலை இல்ல, இந்த மாசமே உறுதி முடிக்கலாம்."

ஆசிரியரின் முகம் விழுந்துபோயிற்று. அவருடைய மனைவி தொதல் தட்டை என் பக்கம் தள்ளி, "சாப்பிடுங்க," என்றார். அன்றைக்கு மறுத்துவிட்டார்கள்.

"கூட்டிச் சொல்லுங்க, வீடு கைவிட்டுப் போயிரும்," என்று வீட்டில் அழாத குறையாகக் கெஞ்சினேன்.

"போகாது. நாள் நமக்கு வேலை செய்யிது," என்றார்.

அவர் சொன்னபடிதான் நடந்தது. சில வாரம் கழித்து ஆசிரியர் தானே கடைக்கு வந்தார். எண்பத்தைந்துக்கு முடிந்தது. உறுதி எழுதிய அன்று இளைய மகள் எனக்குத் தெரியாமல் போய் அந்த வீட்டின் அளவுக்குத் திரைச்சீலை பார்த்துவிட்டு வந்திருந்தாள். என் மனம் நிறைந்திருந்தது, பொய் சொல்லக்கூடாது.

அதோடு இவர் வாயை மூடியிருக்கலாம். கடைக்கு வந்த மேசன்மாரிடமெல்லாம், இரண்டு மாரியாக யாரும் ஏறெடுத்துப் பார்க்காத வீட்டை எப்படி மடக்கினேன் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். கல்முனையில் சொன்னது மருதமுனைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

மாப்பிள்ளையின் உம்மா, தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வீடு பார்க்க வந்தார். அறை அறையாக நடந்தார். குசினிக் குழாயைத் திறந்து பார்த்தார். பிறகு முன்மண்டபத்தில் அமர்ந்து, மிக மரியாதையாகத் தொடங்கினார்.

"வீடு நல்ல வீடுதான். ஆனா கனகாலம் விக்காம கிடந்ததாமே? எண்பத்தஞ்சுக்குத்தான் போனதாம். எங்கட தெருவுல, மகனப்போல படிச்ச ரெண்டு பேருக்கு மாடி வீடு குடுத்திரிக்காங்க. நாங்க குறை சொல்லல்ல."

"இது தொண்ணூறு பெறும்," என்றார் இவர்.

"பெறுமெண்டா நீங்க ஏன் குடுக்கல்ல?"

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். அந்த அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் மெதுவாகக் கேட்டார்:

"மகளுக்கு எவ்வளவு காலமா மாப்பிள்ளை பாக்கிறீங்க?"

விற்பனைக்கு நிற்கும் எந்த வீட்டு வாசலிலும் இவர் முதலில் கேட்கும் கேள்வி அது, எவ்வளவு காலமாக என்று. அது எதற்குக் கேட்கப்படுகிறது, அடுத்து என்ன வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தும் தடுமாறிவிட்டார்.

"நாவிதன்வெளியில ரெண்டு ஏக்கர் வயல் இரிக்கி. அதையும் தாறம்," என்றார்.

அவர்கள் கேட்கவேயில்லை. நாங்கள் சோறு தின்னும் வயல் அது. ஒரு ஆணிப் பெட்டிக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர், ஒரு மூச்சில் அதைத் தூக்கிக் கொடுத்தார். விற்கிறவன் அவ்வளவு விரைவாக இறங்கினால் வாங்குகிறவன் என்ன செய்வான் என்று எனக்குப் பல தடவை சொல்லித் தந்தவர் அவர்தான். அந்த அம்மாவும் அதைத்தான் செய்தார். தங்கையைப் பார்த்தார், எழுந்தார். "வீட்ட போய் யோசிச்சுச் சொல்றம்," என்றார்.

யோசித்து, தரகர் மூலம் சொல்லியனுப்பினார்கள். வயலோடு கடையில் ஒரு பங்கும் வேண்டுமாம்.

அன்று பின்னறையில் இவர் என்னிடம், கடையில் எவ்வளவு கொடுக்கலாம் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் கதவடியில் வந்து நின்றதை நாங்கள் காணவில்லை. அவள் அழவில்லை. கடைப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னாள்:

"போதும் வாப்பா. என்ட விலைய இனி இறக்காதீங்க."

அவளைக் கட்டிப்பிடிக்கக் கையை நீட்டினேன். விலகிப்போய்ச் சோறு வடிக்கத் தொடங்கினாள்.

அந்தச் சம்பந்தத்தை நாங்களே வேண்டாம் என்றோம். இப்போது அந்த வீட்டில்தான் மூவரும் இருக்கிறோம். திரைச்சீலையை நான்தான் தைத்துப் போட்டேன். இன்னும் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். வருகிறவர்கள் எவ்வளவு காலமாகப் பார்க்கிறீர்கள் என்று கேட்கும்போது, நான் வாய் திறக்க முதலே அவர் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுகிறார்.