பரோட்டா மாஸ்டர் கை வைத்த சமோசா

பிரம்மநாயகம் அண்ணாச்சி தாராவிக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. இந்த ஏழு வருஷத்தில் அவர் உருப்படியாகச் செய்த வேலை, தான் ஒரு காலத்தில் பரோட்டா மாஸ்டராக இருந்ததைச் சொல்லித் தீர்த்ததுதான். சங்கரன்கோவில் ரோட்டோரம் ஒரு ஹோட்டல். ஒரு நாளைக்கு நாலு மூட்டை மைதா. அவர் வீசினால் மாவு விட்டத்தில் இடித்துவிட்டுத் திரும்புமாம். அந்த ஹோட்டல் ஏன் மூடிப்போனது என்பதை மட்டும் அவர் சொன்னதே இல்லை. மும்பையிலும் மூன்று கடைகளில் சேர்ந்தார். சேர்ந்த மறுநாளே முதலாளிக்குப் பாடம் எடுக்கிற ஆளை யார் வைத்துக்கொள்வார்கள்?

வீட்டுக்கு அரிசி வந்தது அவர் மனைவி இசக்கிசெல்வியின் சமோசாவால். குர்லாவில் ஒரு பலகாரக் கடையில் நாலு வருஷம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, வாயைத் திறக்காமல் பார்த்துக் கற்றுக்கொண்டவர் அவர். இப்போது வீட்டிலேயே போட்டு நாலைந்து டீக்கடைகளுக்குக் கொடுக்கிறார். அண்ணாச்சிக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. “வடக்கன் பலகாரம். முக்கோணமா மடிச்சா ஆச்சா?” என்பார், மூன்றாவது சமோசாவைத் தின்றுகொண்டே.

அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் நான் குடியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேதியியல் படித்தவன். எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சிக்கு அதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமே இல்லை, அவருக்கு எல்லாமே தெரியும்.

செம்பூரில் ஒரு கல்லூரி கேன்டீனை எடுத்து நடத்துகிற வெங்கடேஷ் என்பவர், டீக்கடையில் இசக்கிசெல்வி அக்காவின் சமோசாவைத் தின்றுவிட்டு விசாரித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நேரில் வந்து பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் தினமும் இருநூறு சமோசா எடுத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். அக்காவுக்கு அது பெரிய விஷயம். டீக்கடைக்காரர்கள் மழை பெய்தால் வேண்டாம் என்பார்கள், வெயில் அடித்தால் வேண்டாம் என்பார்கள். கல்லூரி அப்படியில்லை.

சனிக்கிழமை சாயங்காலமே கிழங்கைத் தோலோடு வேகவைத்து, ஆறவிட்டு, உரித்து, கையால் உதிர்த்துவைத்தார். இஞ்சி, பச்சை மிளகாய், நுணுக்கிய மல்லி, சோம்பு, மாங்காய்ப் பொடி. வாணலியில் ஈரம் போகும்வரை புரட்டி, தட்டில் பரப்பி ஆறவைத்தார். காலையில் மாவைக் கெட்டியாகப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடினார். புதினா வாங்க மாட்டுங்கா மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“எதையும் தொடாதீய. நான் வந்து பாத்துக்கிடுதேன்.”

அண்ணாச்சியிடம் இப்படிச் சொல்வது, ஆட்டிடம் குழையைக் காட்டிவிட்டுத் தின்னாதே என்பது மாதிரி.

துணியை விலக்கி மாவை அமுக்கிப் பார்த்தார். விரல் இறங்கவில்லை.

“ஏ தம்பி, பி.எஸ்சி! இங்கன வந்து பாரு. கல்லு மாதிரி பிசைஞ்சு வச்சிருக்கா. இத மனுஷன் திம்பானா?”

“அண்ணாச்சி, சமோசா மாவு அப்படித்தான் இருக்கணும். அக்கா வரட்டும்.”

“மைதாவப் பத்தி எனக்கா சொல்லுத? நீ பொஸ்தகத்துல படிச்ச. நான் கையால படிச்சவன்.”

தண்ணீரைத் தெளித்தார். எண்ணெயை ஊற்றினார். அடித்தார், இழுத்தார், அறைந்தார். பத்து நிமிஷத்தில் மாவு பரோட்டா மாவாகிக் கையில் வழிந்தது. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அடுத்தது கிழங்கு. “காஞ்சு கெடக்கு, தொண்டையில அடைக்கும்” என்று வெங்காயம் வதக்கி, மஞ்சள்பொடி போட்டு, ஒரு செம்பு தண்ணீரில் கடலைமாவைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டார். ஊரில் பூரிக்கு வைக்கிற கிழங்கு. பூரிக்கு அருமையாக இருந்திருக்கும். அதைச் சூடாகவே மாவுக்குள் அள்ளி வைத்து மடித்தார். அதற்குள் வெங்கடேஷ் வந்துவிட்டார்.

“வாங்க சார், வாங்க. இன்னைக்கு மாஸ்டர் கைப்பக்குவம்!”

“மாவு நீங்களா பிசைஞ்சேள்?”

“பின்ன? இருபது வருஷ சர்வீஸு சார்.”

புகை கிளம்புகிற அளவுக்கு எண்ணெயைக் காயவிட்டு ஆறு சமோசாக்களைப் போட்டார். நொடியில் மேலெல்லாம் அம்மைக் கொப்புளம் மாதிரி எழும்பியது. அடுத்த நொடி ஒன்று வாயைப் பிளந்தது. கிழங்கு எண்ணெயில் கொட்ட, அதிலிருந்த தண்ணீர் படபடவென்று வெடித்தது. அடுத்து ஒன்று, அடுத்து ஒன்று. வெங்கடேஷ் தன் வெள்ளைச் சட்டையைக் காப்பாற்ற வாசலுக்கே ஓடிவிட்டார். மாஸ்டர் தட்டைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். அடுப்பை அணைத்தது நான்தான்.

“எண்ணெ சரியில்ல சார். கலப்படம்” என்றார், தட்டுக்குப் பின்னாலிருந்து.

புதினாக் கட்டோடு உள்ளே வந்த அக்கா கத்தவில்லை. மாவை ஒரு விரலால் தொட்டார். கிழங்கைக் கரண்டியால் தூக்கி ஒழுகவிட்டுப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போனார்.

“சார், இது நான் செஞ்சது இல்ல. ஒரு மணி நேரம் குடுங்க. உங்க முன்னாலயே போடுதேன்.”

“எனக்கு பன்னெண்டு மணிக்கு வாஷியில வேலை இருக்கே.”

“பதினோரு மணிக்கு உங்க கையில சமோசா இருக்கும். இல்லேன்னா இனிமே இந்தப் பக்கம் வராதீய.”

வெங்கடேஷ் தயங்கிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

புது மைதா, உப்பு, கொஞ்சம் ஓமம். கிலோ மாவுக்குக் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக உருக்கிய டால்டா. தண்ணீரே சேர்க்காமல் இரண்டு கையாலும் தேய்த்தார். ஒரு பிடி அள்ளி இறுக்கிக் காட்டினார். உதிராமல் கொழுக்கட்டை மாதிரி நின்றது.

“இது புடிச்சு நிக்கணும் சார். அப்பத்தான் தோலு மொறுமொறுன்னு வரும். தண்ணி கூடினா ரப்பராப் போயிரும், கொப்புளமும் போடும்.”

பிறகுதான் தண்ணீர், தெளித்துத் தெளித்து. மூடிவைத்தார். சட்டியில் மிச்சமிருந்த கிழங்குக் குழம்பை அகலமான வாணலியில் போட்டு, கரண்டியில் ஒட்டாமல் வருகிறவரை வறட்டினார். தட்டில் பரப்பி ஃபேனுக்குக் கீழே வைத்தார்.

“சூடா வச்சா உள்ள ஆவி அடைச்சு, வழி தேடிக் கிழிச்சிரும்” என்று வெங்கடேஷிடம்தான் சொன்னார். புருஷன் பக்கம் திரும்பவே இல்லை.

அரை மணி நேரம் கழித்து மாவைத் தேய்த்து, பாதியாக வெட்டி, வெட்டிய ஓரத்தில் தண்ணீர் தொட்டுக் கூம்பாக்கி, முக்கால் பங்கு நிரப்பி, உள்ளே காற்று நிற்காமல் அமுக்கி ஒட்டினார். புது எண்ணெயில் ஒரு துளி மாவைப் போட்டார். அது அடியில் கிடந்து யோசித்துவிட்டு மெதுவாக மேலே வந்தது. ஆறு சமோசா இறங்கியது. சிறு தீ. கால் மணி நேரம். எண்ணெய் சத்தமே போடவில்லை. அந்த அறையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது அண்ணாச்சி மட்டும்தான்: “இவ்வளவு மெதுவாப் போட்டா எப்ப யாவாரம் பண்ண?”

வெங்கடேஷ் ஒன்றை எடுத்துத் தட்டின் விளிம்பில் தட்டினார். டொக்கென்றது. கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“நாளன்னிக்கிலேந்து இருநூறு. ஆனா ஒரு கண்டிஷன் மா. இவர் கை படக்கூடாது.”

“படாது சார்” என்றார் அக்கா.

இப்போது தினமும் காலையில் இரண்டு பெரிய டின்களையும் லோக்கல் டிரெயினில் செம்பூருக்குத் தூக்கிப் போவது அண்ணாச்சியின் வேலை. குர்லாவில் வண்டி மாறுவதற்குள், பக்கத்தில் நிற்கிறவரிடம் தன் திருநெல்வேலிப் பக்குவத்துக்கு மும்பையே மயங்கிய கதையைச் சொல்லி முடித்துவிடுகிறார். கேன்டீனில் வெங்கடேஷ் மூடியைத் திறந்து, ஒன்றை எடுத்து டின் விளிம்பில் தட்டிப் பார்த்துவிட்டு, தினமும் அதே கேள்வியைக் கேட்கிறார்.

“நீங்க எதையும் தொடலியே?”

“இல்ல சார்.”

அன்றைக்கு அவர் வாயிலிருந்து வருகிற ஒரே உண்மை அதுதான்.