பிளஸ்ஸை முதலில் போட்டவள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். எனக்கு முதல் குரூப் கிடைத்திருந்தது. கிடைத்தது நிலைக்குமா என்பது கெமிஸ்ட்ரி டீச்சரின் கையில் இருந்தது. முதல் குரூப்பில் பிள்ளைகள் அதிகம், லேபில் இடம் கம்மி. அதனால் அவர் ஒரு ஒர்க் ஷீட் வைத்தார். இருபதுக்குப் பதினைந்து எடுக்காதவர்கள் மூன்றாவது குரூப்புக்குப் போய்க் கணக்குப்பதிவியல் படிக்க வேண்டும். எனக்கு அந்தப் பாடத்தின் மீது கோபமில்லை. நான் அதைப் படிக்க வரவில்லை, அவ்வளவுதான்.

ஒர்க் ஷீட் என்பது மை அப்பிய சைக்ளோஸ்டைல் தாள். ஹைட்ரஜனிலிருந்து கால்சியம் வரை இருபது வரிசை. ஒவ்வொரு தனிமத்துக்கும் எலக்ட்ரான் அமைப்பை எழுதி, கடைசியாக வந்து சேரும் எலக்ட்ரானுக்கு நான்கு குவாண்டம் எண்களையும் எழுத வேண்டும். முழு வரிசையும் சரியாக இருந்தால் ஒரு மார்க். ஒரு கட்டம் தப்பினாலும் பூஜ்யம்.

வகுப்பில் பாதிப் பேர் விழுந்தது பொட்டாசியத்தில். ஆர்கானில் 3p நிரம்பிவிடுகிறது. அடுத்தது 3d தானே என்று 3d¹ போட்டுவிட்டார்கள். 3d-யை விட 4s-க்கு ஆற்றல் குறைவு, அதனால் அதுதான் முதலில் நிரம்பும். பொட்டாசியம் 4s¹, கால்சியம் 4s². நான் சரியாகத்தான் எழுதினேன். தாளைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் பஸ் ஏறினேன்.

எனக்கு வந்தது பன்னிரண்டு.

என் பக்கத்தில் உட்காருகிறவளுக்குப் பதினெட்டு. பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் 3d போட்டு இரண்டு மார்க் விட்டவள். அவள் டீச்சர் வீட்டில் டியூஷன் படித்தாள்.

என் தாளைப் பார்த்தேன். போரான் தப்பு. கார்பன் சரி. நைட்ரஜன், ஆக்சிஜன் தப்பு. ஃபுளூரின் சரி. நியான் தப்பு. கீழே அலுமினியத்திலிருந்து ஆர்கான் வரை அதே மாதிரி: சிலிக்கானும் குளோரினும் மட்டும் சரி. சிவப்பு மை எல்லாமே காந்தக் குவாண்டம் எண் கட்டத்தில் இருந்தது.

p ஆர்பிட்டால் மூன்று. அவற்றுக்கு −1, 0, +1 என்று எண். புத்தகத்தில் −1-லிருந்து வரிசையாகப் போட்டிருந்தது. நான் +1-லிருந்து தொடங்கியிருந்தேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. சுழற்சி எண்ணுக்கு முதலில் +½ போடச் சொன்னார்கள், அதனால் இங்கேயும் பிளஸ்ஸை முதலில் போட்டேன். நடுவில் வரும் பூஜ்யம் எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் பூஜ்யம். அதனால்தான் கார்பனும் ஃபுளூரினும் சிலிக்கானும் குளோரினும் தப்பித்தன. மூன்று ஆர்பிட்டாலுக்கும் ஆற்றல் ஒன்றுதான். எதில் முதலில் எலக்ட்ரானை வைத்தாலும் அணுவுக்கு ஒன்றும் ஆகாது.

எழுந்து கேட்டேன். "டீச்சர், பிளஸ்ல ஆரமிச்சாலும் சரிதானே?"

"யாருடி உனக்குப் பிளஸ்ஸ முதல்ல போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல டீச்சர். நானா போட்டேன்."

"நீயா போட்ட. பே கோபுரத் தெருல போயி உக்காந்து எழுதிட்டு வந்து, நானா போட்டேன்னு எங்கிட்டயே சொல்ற."

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். கோயிலுக்கு மேற்கே இருக்கும் பே கோபுரத் தெருவில் ரிடையர் ஆன காலேஜ் லெக்சரர் ஒருவர் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் பிளஸ்ஸிலிருந்துதான் தொடங்குவாராம். அவரிடம் போகிற பிள்ளைகளை டீச்சருக்குப் பிடிக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். அதைக் கண்டுபிடிக்க ஆக்சிஜனும் நைட்ரஜனும் உதவும் என்பது எனக்குத் தெரியாது.

"நான் எந்த டியூஷனுக்கும் போவல டீச்சர்."

"நாளைக்கு உங்கப்பாவக் கூட்டினு வா. வரலன்னா அப்படியே மூணாவது குரூப்புக்குப் போயிடு."

உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்தவள் முணுமுணுத்தாள். "போறேன்னு ஒத்துக்கினு, இனிமே உங்க டியூஷனுக்கு வரேன் டீச்சர்னு சொல்லேண்டி. முடிஞ்சிடும்."

"போவாத எடத்துக்கு எப்படிடீ போறேன்னு சொல்றது?"

"பெரிய அரிச்சந்திரன் ஊட்டுப் பொண்ணு."

இடைவேளையில் ஒருத்தி என்னிடம் வந்தாள். அவள் உண்மையாகவே பே கோபுரத் தெருவுக்குப் போகிறவள். "லூசாடி நீ? எங்க சாரே சொல்லிட்டாரு, ஸ்கூல்ல மைனஸ்ல ஆரமிங்க, இங்க பிளஸ்ல ஆரமிங்கன்னு. நாங்க நாலு பேரு போறோம். ஒருத்தி மாட்டல பாரு."

அவளுக்குப் பத்தொன்பது. எங்கேயும் போகாத நான்தான் மாட்டினேன். அவளைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் என் மார்க் கூடியிருக்காது.

அப்பா மல்லாட்டை மில்லில் நிலக்கடலை மூட்டை தூக்கினார். மறுநாள் வேலைக்குப் போகாமல் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பௌர்ணமி என்பதால் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. கிரிவலக் கூட்டத்தில் நசுங்கி, லேட்டாகத்தான் ஸ்கூல் போய்ச் சேர்ந்தோம். டீச்சர் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று கேட்டார்.

"உங்க பொண்ண எங்க டியூஷன் அனுப்புறீங்க?"

அப்பாவுக்குப் புரியவில்லை. "டியூஷனா? இங்க இஸ்கூலு உட்டதும் பஸ் ஏறினா, அஞ்சரைக்கு ஊட்ல இருக்குதுங்க டீச்சர். வந்து ஆடு ஓட்டினு வரும். அதான் அதுக்கு டியூஷன்."

"தெனமுமா?"

"தெனமும்தான். அந்த பஸ்ஸ உட்டா இருட்டினப்புறம்தான் அடுத்தது. அதுல எம்பொண்ண வரச் சொல்லுவனா நானு?"

பே கோபுரத் தெரு டியூஷன் தொடங்குவதே ஆறு மணிக்கு. அது என்னைவிட டீச்சருக்கு நன்றாகத் தெரியும். அப்பா கேட்டார்: "இன்னா டீச்சர் தப்பு பண்ணுது?"

"தப்புன்னு இல்ல. மைனஸ் போட வேண்டிய எடத்துல பிளஸ் போட்டிருக்கா."

"அடிச்சிட்டு மாத்திப் போட்டாப் போச்சு," என்றார் அப்பா.

டீச்சர் புதிய தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். "அந்த எட்டையும் புக்ல இருக்கற மாதிரி எழுதிக் குடு."

நேற்று மூன்றாவது குரூப்புக்குத் தகுதியாக இருந்த என் கெமிஸ்ட்ரி, நான் ஐந்தரைக்கெல்லாம் வீட்டில் இருப்பேன் என்று தெரிந்ததும் முதல் குரூப்புக்குத் தகுதியாகிவிட்டது. மன்னிப்பு மாதிரி எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

வராந்தாவில் உட்கார்ந்து எழுதினேன். போரான் 2p¹: இரண்டு, ஒன்று, மைனஸ் ஒன்று, பிளஸ் அரை. நைட்ரஜன் 2p³: காந்த எண் பிளஸ் ஒன்று. ஆக்சிஜன் வந்தது. நான்காவது எலக்ட்ரான் ஏற்கெனவே ஒன்று இருக்கும் ஆர்பிட்டாலில் போய் ஜோடி சேர வேண்டும், சுழற்சி மைனஸ் அரை. புத்தகப்படி காந்த எண் −1. கடுப்பாக இருந்தது. நான் +1-ஐ அப்படியே விட்டேன். மற்ற ஏழையும் மாற்றினேன். ஒரு மார்க் போனாலும் பத்தொன்பது வரும், குரூப் போகாது என்று கணக்குப் போட்டுத்தான் விட்டேன்.

டீச்சர் தாளை வாங்கினார். அப்பா கைகட்டி நின்றுகொண்டிருந்தார். டீச்சர் மேலிருந்து கீழே சிவப்புப் பேனாவால் வரிசையாக டிக் போட்டுக்கொண்டே போனார். ஆக்சிஜனிலும் டிக் விழுந்தது. பேனா நிற்கவே இல்லை.

இருபதுக்கு இருபது.

"எவ்ளோ?" என்று கேட் தாண்டியதும் அப்பா கேட்டார். சொன்னேன்.

"அப்புறம் எதுக்கு என்ன வரச்சொன்னாங்க?" என்றார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். நான் லேபுக்குப் போனேன்.